ஒரு கிராம் 920 மில்லி எங்கே போனது?

சிறிய நகைக்கடை பில்லில் சேதாரமும் செய்கூலியும்: இரு தரப்பும் ஒப்புக்கொள்ள ஒரு வழி

முகூர்த்தங்கள் நெருங்கும் வாரத்தில் எந்த ஊர் நகைக்கடைத் தெருவிலும் பார்க்கக்கூடிய காட்சி இது. சிவப்பு வெல்வெட் தட்டில் நாலைந்து சங்கிலிகள் கிடக்கின்றன. மகளுக்குப் பிடித்ததைக் கடைக்காரர் எடுத்துத் தராசில் வைக்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் எண்கள் ஓடி 16.000 என்று நிற்கின்றன. சரியாக இரண்டு பவுன். கடைக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டுத் திருப்பிக் காட்டுகிறார். அம்மாவின் விரல் இரண்டாவது வரியில் நிற்கிறது. “சேதாரம் எவ்வளவு போட்டிருக்கீங்க அண்ணே?” “பன்னெண்டுதாம்மா போட்டிருக்கேன்.” “போன தடவை பத்துதானே போட்டீங்க?” “அது வேற டிசைன்மா. சரி, கடைசியா பாத்துப் பண்ணித் தரேன்.” அடுத்த கால் மணி நேரம் பேரம் நடக்கிறது. ஏதோ ஒரு தொகை குறைகிறது, பில் போடப்படுகிறது. வெளியே வரும் அம்மாவுக்கு இன்னும் குறைத்திருக்கலாமோ என்ற எண்ணம். உள்ளே இருப்பவருக்கு, பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்த பெரிய ஷோரூமுக்குப் போகாமல் இவர்களைப் பிடித்து வைக்க லாபத்தையே விட்டுக்கொடுத்துவிட்டோமே என்ற எண்ணம். வியாபாரம் முடிந்தும் இருவருக்கும் மனம் நிறையவில்லை.

தங்கத்தின் விலையில் இந்தச் சண்டை இல்லை. அதை இருவருமே போர்டில் பார்த்துக்கொள்கிறார்கள். எடையைத் தராசு சொல்கிறது, தரத்தை ஹால்மார்க் சொல்கிறது. ஜி.எஸ்.டி. 3% என்பது சட்டம். பில்லில் கடைக்காரர் வாய்ச்சொல்லை மட்டுமே நம்பி நிற்பவை சேதாரம், செய்கூலி என்ற இரண்டு வரிகள்தான். அந்த இரண்டையும் உள்ளபடி பிரித்து எழுதினால் சண்டையின் பெரும்பகுதி தீரும். சேதாரம் என்ற வரியில் உண்மையாகவே இழந்த தங்கம் மட்டும் கிராமில் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் செய்கூலி என்ற பெயரில் ரூபாயில் இருக்க வேண்டும். இதனால் வாங்குபவருக்கு மட்டுமல்ல, சிறிய கடைக்காரருக்கும் நன்மை உண்டு. அதை ஒரு பில்லை வைத்தே பார்க்கலாம்.

பில்லைப் பிரித்துப் பார்த்தால்

கணக்கு எளிதாக இருக்க, 22 கேரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 16 கிராம் சங்கிலிக்குத் தங்கத்தின் விலை 1,60,000. சேதாரம் 12% என்றால் 1.920 கிராம். கடை மொழியில் ஒரு கிராம் 920 மில்லி. விலை 19,200 ரூபாய். செய்கூலி என்று கிராமுக்கு 50 வீதம் 800. கூட்டினால் 1,80,000. அதன்மேல் ஜி.எஸ்.டி. 5,400. ஹால்மார்க் கட்டணம் 45 ரூபாயும் அதற்கான 18% வரியும் சேர்த்து 53 ரூபாய் 10 பைசா. ஆக மொத்தம் 1,85,453 ரூபாய் 10 பைசா. இதில் வாங்குபவரின் கண்ணை உறுத்துவது அந்த 19,200. இரண்டு பவுன் சங்கிலி செய்ய கிட்டத்தட்ட கால் பவுன் தங்கம் காணாமல் போனதாகப் பில் சொல்கிறது. அப்படிப் போகவில்லை என்பது விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும்.

ஒரு காலத்தில் இந்த வரி உண்மையாகவே இருந்தது. வீட்டுத் தங்கத்தைப் பத்தரிடம் எடை போட்டுக் கொடுத்து, நகையாக வாங்கும்போது மீண்டும் எடை போட்டு, இடையில் குறைந்ததைச் சேதாரம் என்று ஒப்புக்கொள்வார்கள். கூலி தனியாகப் பேசப்படும். ஆயத்த நகை விற்கும் கடைகள் வந்த பிறகு, வாங்குபவர் கண்ணால் பார்க்காத பட்டறைச் சேதாரத்தோடு கடையின் வாடகை, சம்பளம், வட்டி, லாபம் எல்லாம் அதே வரிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன.

பட்டறையில் தங்கம் எங்கே குறைகிறது? மூசையில் உருக்கும்போது கொஞ்சம். கம்பிச்சட்டத்தில் இழுத்து, வெட்டி, வளையம் வளையமாகக் கோத்துப் பற்றவைக்கும்போது கொஞ்சம். அரத்தால் ராவும்போது உதிரும் தூள்தான் அதிகம். கடைசியில் மெருகு போடும்போதும் தேயும். ஆனால் இவற்றில் பெரும்பகுதி தொலைந்துபோவதில்லை. பத்தர் மடிக்கு மேலே விரித்திருக்கும் துணியிலும், மேசைக்குக் கீழே இருக்கும் தட்டிலும் அரப்பொடி விழுகிறது. அது சேர்த்து வைத்து உருக்கப்படுகிறது. மெருகு இயந்திரத்தின் தூசியும், தரையைப் பெருக்கிய குப்பையும், கை கழுவிய தண்ணீரில் படிந்த வண்டலும்கூட விலைக்குப் போகின்றன. கோவை போலப் பட்டறைகள் நிறைந்த ஊர்களில் தெரு மண்ணை அள்ளி அலசித் தங்கம் எடுத்தே பிழைப்பவர்கள் உண்டு. இவ்வளவுக்கும் பிறகு திரும்பி வராத தங்கம் மட்டுமே சேதாரம். அது எவ்வளவு இருக்கும் என்பதற்கு மத்திய அரசே ஓர் அளவு வைத்திருக்கிறது.

---

பெட்டிச் செய்தி: அரசு ஒப்புக்கொள்ளும் சேதாரம்

நகை ஏற்றுமதி செய்பவர்கள் தீர்வை இல்லாமல் தங்கம் இறக்குமதி செய்யலாம். அதில் எவ்வளவு தேய்மானமாகப் போனதென்று கணக்குக் காட்டலாம் என்பதை வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் நிர்ணயிக்கிறது. 2024 மே மாதம் இந்த அளவு வெகுவாகக் குறைக்கப்பட்டது. ஏற்றுமதியாளர்கள் எதிர்த்ததால் அது நிறுத்திவைக்கப்பட்டு, ஆலோசனைக்குப் பின் கைவேலை, இயந்திர வேலை என்று பிரித்துப் புதிய அளவுகள் வந்தன. கல் பதிக்காத தங்க நகைக்குக் கைவேலை என்றால் 2.25%, இயந்திர வேலை என்றால் 0.45%. இவை ஏற்றுமதிக்கு மட்டுமே பொருந்தும். உள்நாட்டுக் கடைகள் வாங்கும் சேதாரத்துக்கோ செய்கூலிக்கோ உச்சவரம்பு விதிக்கும் சட்டம் எதுவும் இல்லை.

---

நம் சங்கிலி இயந்திரத்தில் செய்தது என்றால், இந்த அளவின்படி சேதாரம் 72 மில்லி, 720 ரூபாய். கையால் செய்தது என்றால் 360 மில்லி, 3,600 ரூபாய். பில்லில் இருப்பதோ 1,920 மில்லி. பெரிய ஏற்றுமதி ஆலையில் தூளைத் திரும்ப எடுக்க இருக்கும் வசதி நாலு பேர் உட்கார்ந்து வேலை செய்யும் சிறிய பட்டறையில் இருக்காது என்பது நியாயமான வாதம். அதற்காகக் கைவேலைக்கு 3%, இயந்திர வேலைக்கு அரை சதவீதம் என்று தாராளமாக வைத்தாலும், 12% என்ற எண்ணைத் தொட முடியாது.

கடைக்காரரின் பக்கம்

இதைக் கேட்டவுடன் சிறிய கடைக்காரர் சொல்லும் பதில் ஒன்று உண்டு: “நான் பட்டறைக்கும் தங்கமாகத்தானே கொடுக்கிறேன்?” அது பொய்யல்ல. மொத்த வியாபாரத்தில் கணக்கு ‘டச்’சில் நடக்கிறது. 91.6 தரமுள்ள நகையை 95 டச்சுக்கு வாங்கினால், 16 கிராம் சங்கிலிக்குக் கடைக்காரர் 15.200 கிராம் சுத்தத் தங்கம் கொடுக்க வேண்டும். அந்தச் சங்கிலிக்குள் உண்மையில் இருப்பது 14.656 கிராம். வித்தியாசம் 544 மில்லி சுத்தத் தங்கம். ரூபாயில் சுமார் 5,900. பட்டறையின் தேய்மானம், கூலி, லாபம் மூன்றும் இதற்குள் அடக்கம். ஆகவே நம் பில்லில் சேதாரமும் செய்கூலியுமாக வாங்கிய 20,000 ரூபாயில் ஏறக்குறைய 5,900 பட்டறைக்குப் போகிறது. மீதி 14,100 ரூபாய் கடையில் தங்குகிறது.

அந்த 14,100 முழுவதும் லாபம் என்று நினைப்பதும் தவறு. 1,60,000 ரூபாய்த் தங்கம் கண்ணாடிப் பெட்டியில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கு 12% வட்டி என்றால் மாதம் 1,600 ரூபாய். மூன்று மாதம் விற்காமல் இருந்தால் 4,800 போய்விட்டது. சிறிய கடைக்குச் சரக்கு சுழலும் வேகம் குறைவு. பெரிய ஷோரூமில் ஒரு வாரத்தில் போகும் டிசைன் இங்கே ஒரு பருவம் முழுக்கக் காத்திருக்கும். போகவே போகாத டிசைனை அழித்து உருக்கினால், பட்டறைக்குக் கொடுத்த கூலி அப்படியே நட்டம். இதோடு வாடகை, ஆள் சம்பளம், காப்பீடு, லாக்கர் செலவு எல்லாம் இருக்கின்றன. தங்கத்தை வாங்கிய விலைக்கே விற்பதாகப் போர்டில் எழுதியிருப்பதால், கடை நடத்தும் பணம் முழுவதும் அந்த இரண்டு வரிகளிலிருந்தே வந்தாக வேண்டும். எனவே கடைக்காரர் கேட்கும் தொகை பெரும்பாலும் நியாயமானது. அது நிற்கும் இடம்தான் தவறு. வாடகையையும் வட்டியையும் ‘தொலைந்துபோன தங்கம்’ என்று எழுதும்போது, நேர்மையான செலவுகூட ஏமாற்று வேலையாகத் தோன்றிவிடுகிறது.

சதவீதம் செய்யும் கேடு

தொகை சரியாகவே இருந்தாலும், அதைத் தங்கத்தின் சதவீதமாக வைப்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கிராம் 10,000 ரூபாயிலிருந்து 12,000 ஆகிறது என்று கொள்வோம். அதே சங்கிலி, அதே பத்தர், அதே உழைப்பு. சேதார வரி மட்டும் 19,200லிருந்து 23,040 ஆகிவிடும். தங்கம் விலை ஏறுவதாலேயே குடும்பங்கள் திணறும் நேரத்தில், தேயாத தங்கத்துக்கும் ஏறிய விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எதிர்த்திசையிலும் இதேதான். 2024 ஜூலை 23 அன்று மத்திய பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதித் தீர்வை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது. அன்றே தங்க விலை இறங்கியது. அன்றைக்குக் கடை வாடகையோ ஆள் சம்பளமோ ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் சதவீதத்தை நம்பியிருந்த கடைக்காரரின் வருமானம் ஒரே நாளில் குறைந்தது.

இதைவிடப் பெரிய கேடு பேரம். வாங்குபவர் குறைக்கச் சொல்வார் என்று தெரிந்தே 12 என்று தொடங்குகிறார்கள். கேட்கத் தெரிந்தவருக்கு அது பத்தாகவோ ஒன்பதாகவோ முடிகிறது. கூச்சப்பட்டுக் கேட்காமல் கொடுப்பவர் பன்னிரண்டையும் கொடுக்கிறார். ஒரே நாளில் ஒரே சங்கிலிக்கு இரண்டு பேர் இரண்டு விலை கொடுத்து, பிறகு ஒரு கல்யாண வீட்டில் சந்தித்துப் பேசிக்கொண்டால், இழப்பு கடைக்காரருக்குத்தான். பெரிய கடைகளின் மாதச் சேமிப்புத் திட்டங்கள் இதை இன்னும் மோசமாக்குகின்றன. பதினோரு மாதம் கட்டினால் 18% வரை சேதாரம் இல்லை என்பது போன்ற வாக்குறுதிக்கு மதிப்பு வர வேண்டுமானால், நகைகளுக்குச் சேதாரம் அதிகமாகவே போடப்பட்டிருக்க வேண்டும். ‘சேதாரமே இல்லை’ என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போகிறவர், கல்லின் விலை, செய்கூலி, பழைய நகைக்குப் போடும் விலை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் மிச்சம் உண்டா இல்லையா என்பது தெரியும். சிறிய கடைக்காரர் இந்த விளம்பரப் போட்டியில் ஜெயிக்கவே முடியாது. அவரால் ஜெயிக்க முடிந்த இடம், பில்லை நம்ப வைப்பது.

மாற்றி எழுதிய பில்

அதே 16 கிராம் இயந்திரச் சங்கிலிக்கு இப்படி ஒரு பில் எழுதலாம். தங்கம் 1,60,000. சேதாரம் அரை சதவீதம், 80 மில்லி, 800 ரூபாய். செய்கூலி கிராமுக்கு 950 வீதம் 15,200. கூட்டுத்தொகை 1,76,000. ஜி.எஸ்.டி. 5,280. ஹால்மார்க் கட்டணம் வரியோடு 53 ரூபாய் 10 பைசா. மொத்தம் 1,81,333 ரூபாய் 10 பைசா. பழைய பில்லைவிட நாலாயிரத்துச் சொச்சம் குறைவு. அதைக் கடைக்காரர் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? பேரம் முடியும்போது அவர் கையில் நிற்கும் தொகையே ஏறக்குறைய அதுதான். பேரத்தின் முடிவில் வரும் விலையைத் தொடக்கத்திலேயே எழுதுகிறார், அவ்வளவுதான்.

‘கிராமுக்கு 950 என்றால் அதற்குள்ளும் லாபம் ஒளிந்திருக்கிறதே’ என்று கேட்கலாம். இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஜவுளிக்கடையில் சேலைக்கு விலை கேட்கிறோம். நூல் எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று கேட்பதில்லை. ரூபாயில் சொன்ன கூலி எதையும் பொய்யாகச் சொல்லவில்லை. பக்கத்துக் கடையின் கூலியோடு நேருக்கு நேர் ஒப்பிடவும் முடிகிறது. வாங்குபவருக்கு வேண்டியது கடைக்காரரின் லாபக் கணக்கல்ல. தொலையாத தங்கத்துக்குத் தாம் விலை கொடுக்கவில்லை என்ற உறுதி.

கூலியை ரூபாயில் கட்டிவிட்டால் தங்கம் ஏறும்போது கடைக்காரருக்கு இழப்பு வராதா என்பது இதைவிடக் கனமான கேள்வி. வரும். சரக்கில் முடங்கும் பணத்தின் வட்டி தங்க விலையோடு ஏறுகிறது. பட்டறைக்குத் தங்கமாகக் கொடுப்பதன் மதிப்பும் ஏறுகிறது. அதனால் கூலிப் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்திக்கொள்வது நியாயம். பட்டியலின் அடியில் எந்தத் தேதியிலிருந்து அமல் என்று எழுதிக் கடையில் மாட்டிவைத்தால் போதும். பட்டறையோடும் கூலியை ரூபாயில் பேசி, தேய்மானத்தை மட்டும் தங்கத்தில் தீர்த்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. கடன் சரக்கு எடுக்கும் கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் இதை உடனே சாதிக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் அது அவருக்கும் மொத்த வியாபாரிக்கும் உள்ள கணக்கு. கல்லாவில் நிற்கும் வாடிக்கையாளரின் பில்லில் அந்த டச் கணக்கு ஏற வேண்டியதில்லை.

எல்லா நகைக்கும் ஒரே கிராம் கூலி பொருந்தாது. இரண்டு கிராம் தோட்டில் திருகாணியும் தண்டும் பற்றவைக்க ஆகும் நேரம் நாலு கிராம் தோட்டுக்கும் அதேதான். ஆகவே சின்ன நகைகளுக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சக் கூலி வேண்டும். நகாசு வேலை, ஜிமிக்கி, கோயில் நகை போன்ற கைவேலைக்குக் கிராம் கூலி அதிகம். சேதாரமும் 2, 3 சதவீதம் வரை உண்மையாகவே போகும். நாள்கணக்கில் குனிந்து உட்கார்ந்து செதுக்கியவரின் உழைப்பு பில்லில் உழைப்பாகவே தெரிய வேண்டும். இயந்திரச் சங்கிலிக்கும் கைவேலைக்கும் ஒரே ‘15%’ போடும்போது அந்தக் கைக்கு மரியாதை இல்லாமல் போகிறது. இயந்திரம், சாதாரணக் கைவேலை, நுண்வேலை, சின்ன உருப்படி என்று நாலு வரிப் பட்டியல் ஒரு சிறிய கடைக்குப் போதும்.

கல் எடையில் வரும் வம்பு

கல் நகையில்தான் கணக்கு அதிகமாகத் தவறுகிறது. ஒரு நெக்லஸ் மொத்தம் 20 கிராம். அதில் கல் இரண்டரை கிராம். நிகரத் தங்கம் பதினேழரை. 15% சேதாரத்தை நிகர எடைக்குப் போட்டால் 2.625 கிராம், மொத்த எடைக்குப் போட்டால் 3 கிராம். வித்தியாசம் 375 மில்லி, 3,750 ரூபாய். கல்லுக்குத் தனியாக விலை வாங்கிவிட்டு, அந்தக் கல்லின் எடைக்கும் தங்கச் சேதாரம் வாங்குவது எந்தக் கணக்கிலும் சேராது. கண்டுபிடிப்பது எளிது: பில்லில் இருக்கும் சேதாரக் கிராமைச் சதவீதத்தால் வகுத்து நூறால் பெருக்கினால், எந்த எடைக்குப் போட்டிருக்கிறார்கள் என்பது வந்துவிடும். 3 கிராம், 15% என்றால் 20. அரக்கு நிரப்பிய நகைக்கும் இதே சோதனைதான்.

---

பெட்டிச் செய்தி: பில்லும் ஹால்மார்க்கும்

2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் கட்டாயமான நகைகளில் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. எண் இருந்தாக வேண்டும். 2 கிராமுக்குக் குறைந்த நகை, குந்தன், போல்கி போன்றவற்றுக்கும், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருக்கும் கடைகளுக்கும் விலக்கு உண்டு. ஹால்மார்க் நகையின் பில்லில் நகையின் விவரம், நிகர எடை, கேரட் தரம், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். எண்ணைப் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். முத்திரையைப் பார்க்கப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸைக் கடையில் கேட்டு வாங்கலாம். தரம் குறைந்தது நிரூபணமானால், தரக் குறைவுக்கான மதிப்பைப்போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கிடைக்கும். பில் இல்லாமல் வாங்கியவருக்கு இவற்றைக் கேட்பது கடினம்.

---

திரும்பி வரும் நாள்

வாங்கும் நாளில் தூங்கும் பிரச்சினை நகையைத் திருப்பிக் கொண்டுவரும் நாளில் எழுகிறது. மூன்று ஆண்டு கழித்து அதே சங்கிலியை அதே கடையில் போட்டால் 16 கிராமுக்குத்தான் விலை. பில்லில் ‘தங்கம்’ என்று விலை கொடுத்த ஒரு கிராம் 920 மில்லி எங்கே என்று வாடிக்கையாளர் கேட்கிறார். கடைக்காரரிடம் பதில் இல்லை. சேதாரத்தைக் கிராமில் எழுதிப் பழகியதால் வந்த மனத்தாங்கல் இது. ரூபாயில் கூலி கொடுத்தவர் கூலியைத் திருப்பிக் கேட்கமாட்டார். இதற்கு மேல், பழைய நகைக்கு ‘அழிவுச் சேதாரம்’ என்று மீண்டும் இரண்டு, மூன்று சதவீதம் கழிப்பதும் உண்டு. தன் கடையில் விற்ற, ஹெச்.யு.ஐ.டி. எண் உள்ள 916 நகையில் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு கழிக்க நியாயம் இல்லை. அழுக்கு, கல், அரக்கு போக உள்ள நிகர எடைக்கு அன்றைய விலையில் எத்தனை சதவீதம் தரப்படும் என்பதை விற்கும் நாளிலேயே பில்லின் அடியில் ஒரு வரி எழுதிவிட்டால், மூன்று ஆண்டு கழித்து நடக்க இருக்கும் சண்டை இன்றே தீர்ந்துவிடும். சிறிய கடையின் பலமே திரும்பி வரும் குடும்பங்கள்தான். அவர்களை இழக்க வைப்பது பெரும்பாலும் இந்தக் கழிவுதான்.

சட்டம் உச்சவரம்பு வைக்கட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நுண்வேலை நகைக்கும் இயந்திரச் சங்கிலிக்கும் ஒரே வரம்பு வைத்தால் முதலில் அடிபடுவது கைவேலைப் பத்தர்தான். வரம்பைவிடப் பிரித்து எழுதும் கட்டாயமே பொருத்தம். நிகர எடையையும் ஹால்மார்க் கட்டணத்தையும் தனியாகக் காட்டச் சொல்லும் விதி, சேதாரக் கிராமையும் கூலி ரூபாயையும் தனியாகக் காட்டச் சொல்வதில் தடையேதும் இல்லை. அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஊர் நகை வியாபாரிகள் சங்கங்கள் தங்களுக்குள் பேசி இதைத் தொடங்கலாம்.

கடைக்காரர்கள் அடுத்த முறை பில் புத்தகம் அச்சடிக்கும்போது சேதாரம் கிராமில், செய்கூலி ரூபாயில், திரும்ப எடுக்கும் நிபந்தனை அடியில் என்று மூன்று கட்டம் போடுங்கள். நகை வாங்கப் போகிறவர்கள் தராசில் வைக்கும் முன்பே இதைக் கேளுங்கள்: “இதில் உண்மையாகப் போன தங்கம் எத்தனை மில்லி? கூலி எத்தனை ரூபாய்?” இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லும் கடையில், கிராமுக்கு ஐம்பது ரூபாய் கூடுதலாக இருந்தாலும் வாங்குங்கள்.